இலையில் எதை மிச்சம் வைத்தீர்கள்

எட்டு அட்டவணைகளும் ஒரே எண்ணைத் தந்தன. 4.26.

முதலில் நான் ஏதோ ஒரே தாளை எட்டு முறை ஓட்டிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மூடித் திறந்தேன். கேசரி 4.26. ரசம் 4.26. உருளைக்கிழங்கு வறுவல் 4.26. தயிர் வடை 4.26. கணினியில் தவறில்லை. உள்ளே போன விவரமே அப்படித்தான் இருந்தது.

நான் புள்ளியியல் படித்தவள். காஞ்சிபுரத்தில் பொதுச் சுகாதாரம் பார்க்கும் அலுவலகம் ஒன்றில் தரவுகளைச் சேர்த்துக் கணக்கிடும் வேலை. டெங்கு, மஞ்சள் காமாலை, நாய்க்கடி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்பு. அந்த வாரம் புதிதாகத் திறந்த கோப்புக்கு நான் வைத்த பெயர் 'காதுகுத்து'.

பிள்ளையார்பாளையத்துக் குடும்பம் ஒன்று. பேரக் குழந்தைக்குக் காது குத்தி, சின்ன மண்டபத்தில் மதியம் இலை போட்டிருக்கிறார்கள். பொழுது சாய்வதற்குள் வாந்தி தொடங்கிவிட்டது. நாற்பது பேர். அதில் ஒரு சிறுமி, ஐந்து வயது, உடம்பில் நீர் வற்றி மருத்துவமனைக்குப் போகும் வழியிலேயே இறந்துபோனாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்துவார்கள்; அந்தத் தாய்மாமனின் மகள்தான் அவள்.

சமையல்காரரைப் போலீஸ் அன்றைக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டது. நாங்கள் எந்தப் பண்டம் என்று எழுதிக்கொடுக்கிறோமோ, அதை வைத்துத்தான் அவர் மேல் வழக்கு என்று சொல்லியிருந்தார்கள். அவருடைய மனைவி எங்கள் அலுவலகப் படியில் வந்து உட்கார்ந்திருந்தார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. போவோர் வருவோருக்குக் காலை மட்டும் ஒதுக்கிக்கொண்டார்.

எங்கள் அதிகாரி ஒரு டாக்டர். நல்ல மனிதர், அவசரக்காரர். சாப்பிட்ட சில மணி நேரத்திலேயே வாந்தி என்றால் பால், தயிர் மாதிரியான பண்டத்தில் கிருமி விட்ட நச்சாக இருக்கலாம் என்று அவர் சொன்னார். அது சரியான ஊகம். ஊரும் அதற்குள் தயிர் வடை என்று பேச ஆரம்பித்திருந்தது. மிச்சமிருந்த சாம்பார், மோர் மட்டும் ஆய்வகத்துக்குப் போயிருந்தன. வடையும் இனிப்பும் ஒரு துளிகூட மிஞ்சவில்லை. ஆக, ஆட்களைக் கேட்பது ஒன்றுதான் வழி.

கேட்கும் முறை எளிமையானது. வந்தவர்களை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: ஒரு பண்டத்தைச் சாப்பிட்டவர்கள், சாப்பிடாதவர்கள். ஒவ்வொரு பிரிவிலும் யாருக்கு உடம்பு சரியில்லாமல் போனது, யாருக்குப் போகவில்லை. நான்கு கட்டங்கள். பிறகு, அந்தப் பண்டத்துக்கும் நோய்க்கும் சம்பந்தமே இல்லை என்று வைத்துக்கொண்டால் ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று கணக்கிட வேண்டும். வரிசையின் மொத்தத்தையும் பத்தியின் மொத்தத்தையும் பெருக்கி, எல்லோருடைய மொத்தத்தால் வகுத்தால் அந்த எதிர்பார்ப்பு வந்துவிடும். உண்மையில் இருப்பதற்கும் எதிர்பார்த்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கமாக்கி, எதிர்பார்ப்பால் வகுத்து, நான்கு கட்டத்துக்கும் கூட்டினால் ஓர் எண் கிடைக்கும். அதுதான் கை-ஸ்கொயர். நான்கு கட்ட அட்டவணையில் அது 3.84-ஐத் தாண்டினால், வெறும் தற்செயலால் இவ்வளவு வித்தியாசம் வருவது நூற்றுக்கு ஐந்து தடவைக்கும் குறைவு என்று பொருள்.

4.26, 3.84-ஐத் தாண்டியிருந்தது.

“தாண்டிடுச்சி இல்ல? தயிர் வடைன்னு எழுதும்மா” என்றார் அதிகாரி.

“கேசரியும் தாண்டிடுச்சி சார். ரசமும்.”

“ரசத்துல எப்பிடிம்மா?”

திரையைத் திருப்பிக் காட்டினேன். எட்டையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார்.

நூறு பேரில் தொண்ணூற்று நான்கு பேர் எட்டு பண்டத்தையும் சாப்பிட்டதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரே ஒரு விலக்குகூட இல்லை. எட்டையும் சாப்பிடாதவர்கள் ஆறு பேர். அந்த ஆறு பேரும் மேளக்காரர்கள். கோயிலில் சாமி புறப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று இலை போடுவதற்கு முன்பே கிளம்பிப் போனவர்கள். அவர்களில் யாருக்கும் வாந்தி இல்லை. அங்கே எதையும் சாப்பிடாதவர்களுக்கு எப்படி வரும்? எட்டு அட்டவணையும் ஒரே அட்டவணைதான். தயிர் வடையைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. மண்டபத்தில் சாப்பிட்டவர்களுக்கு மண்டபத்தில் சாப்பிட்டதால் வந்தது என்று மட்டும் சொன்னது.

இன்னொன்றும் இருந்தது. நூறில் நாற்பது பேருக்கு நோய் என்றால், ஆறு பேரில் எதிர்பார்ப்பு 2.4. எதிர்பார்ப்பு ஐந்துக்குக் கீழே போகிற கட்டங்கள் இருந்தால் கை-ஸ்கொயரை நம்பக் கூடாது என்பது முதல் வருடத்திலேயே சொல்லித் தருவது. சின்ன எண்ணிக்கைகளுக்கென்று இருக்கும் துல்லியச் சோதனையில் போட்டுப் பார்த்தேன். நூற்றுக்கு எட்டு தடவை தற்செயலாகவே வரக்கூடியது என்று வந்தது. தாண்டியதாகத் தெரிந்ததும் உண்மையில் தாண்டவில்லை.

“அப்போ இத்தினி பேரும் பொய் சொல்றாங்களா?”

“பொய்யில்ல சார். மரியாதை.”

அவர் வெளியூர்க்காரர். எனக்கு இது இந்த ஊரில் பிறந்ததால் தெரியும். கணக்கெடுப்பு நடந்த விதத்தை எங்கள் செவிலியர் அக்கா பிறகு விவரமாகச் சொன்னார். வீடு வீடாக அலைய வேண்டாமே என்று விழா நடத்திய வீட்டுப் பெரியவர், குழந்தையின் தாத்தா, எல்லோரையும் அதே மண்டபத்துக்கு வரவழைத்திருக்கிறார். ஒவ்வொரு நாற்காலியாக எங்கள் ஆள் கேட்டுக்கொண்டு போக, பெரியவர் கைகூப்பிக்கொண்டே பின்னால் போயிருக்கிறார்.

“மனுசன் கண்ணுல தண்ணி வெச்சிக்கினு எதிர்ல நிக்கிறாருமா. 'சாப்பிட்டீங்க இல்ல மாமா'ன்னு கேக்குறாரு. எவனாவது இல்லன்னு சொல்லுவானா? நான் போயிருந்தாலும் எட்டுக்கும் தலையாட்டிட்டுத்தான் வந்திருப்பேன்” என்றார் அக்கா.

விருந்துக்குப் போய்விட்டு அதைச் சாப்பிடவில்லை இதைத் தொடவில்லை என்பது இங்கே விருந்து போட்டவர் முகத்தில் அடிப்பது மாதிரி. அந்த மரியாதை எங்கள் தாளில் ஒவ்வொரு பண்டத்துக்கும் தொண்ணூற்று நான்கு சரிக் குறிகளாக வந்து விழுந்திருந்தது.

அதிகாரி ஜன்னல் வழியாகப் படியைப் பார்த்தார். “அந்தம்மா இன்னும் அங்கதான் இருக்காங்களா?” என்றார். “மறுபடியும் கேட்டுட்டு வாங்க. சீக்கிரம்.”

நானும் அக்காவும் நடந்தே போனோம். போவதற்கு முன் கேள்வியை மாற்றினேன். 'சாப்பிட்டீர்களா' என்பதை அடித்துவிட்டு 'இலையில் எதை மிச்சம் வைத்தீர்கள், எது உங்களுக்கு வரவில்லை' என்று எழுதிக்கொண்டேன். சோற்றையும் தண்ணீரையும் பட்டியலில் சேர்க்கவில்லை. அவற்றை எல்லோரும்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள். எல்லோரும் ஒன்றையே செய்திருந்தால் யாரோடு யாரை ஒப்பிடுவது?

மிச்சம் வைத்ததைச் சொல்வதில் யாருக்கும் தயக்கம் இருக்கவில்லை. இலையில் மிச்சம் என்றால் நிறையப் போட்டார்கள் என்றுதானே அர்த்தம்.

ஒரு வீட்டில் தறிக்குழியில் கால் விட்டபடியே ஒருவர் பேசினார். இழை ஓட்டும் நாடாவை நிறுத்தவில்லை, தறிச் சத்தத்துக்கு இடையில் பதில் வந்தது.

“எனக்கு சுகர் மா. திரட்டுப்பால அப்பிடியே பக்கத்து இலைக்குத் தள்ளிட்டேன். கேசரியும்தான்.”

“அன்னிக்கு எல்லாம் சாப்பிட்டேன்னு சொல்லியிருக்கீங்களே மாமா?”

“பெரியவரு எதிர்ல நிக்கிறப்போ வேற என்னான்னு சொல்றது?”

உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “இவருக்கு சுகரா? நேத்து பேரன் வெச்சிருந்த ஜாங்கிரிய யாரு தின்னதுன்னு கேளுமா. எழுதிக்கோ அதயும்.”

“ஜாங்கிரி இவங்க லிஸ்ட்லயே இல்லடி” என்றார் அவர். அக்கா சிரித்துவிட்டார். அந்த நாளில் சிரிப்பு அதோடு முடிந்தது.

இன்னொரு வீட்டில் ஒரு பெண் வாசல் வரை வந்து தெருவை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னார். “நாங்க கடைசி பந்திமா. எங்க இலைக்கு திரட்டுப்பால் வரவே இல்ல. தீர்ந்துபோச்சி. வெளிய சொல்லிடாத. செஞ்சி எடுத்தாந்தது மாமன் பொண்டாட்டி. பத்தலன்னு தெரிஞ்சா சங்கடப்படும். ஏற்கெனவே புள்ளைய வேற பறிகொடுத்துட்டு நிக்குது.”

அப்போதுதான் எனக்கு அது உறைத்தது. பட்டியலில் எட்டு பண்டம் இருந்தாலும் ஏழுதான் சமையல்காரருடையவை. எட்டாவதான திரட்டுப்பால் தாய்மாமன் வீட்டுச் சீர். முந்தின நாளே பாலைச் சர்க்கரையோடு சுண்டக் காய்ச்சி, பெரிய பாத்திரத்தில் கொண்டுவந்தது. இறந்துபோன சிறுமியின் அம்மா செய்தது.

அந்த வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தோம். போகாமல் விட முடியாது. சிறுமியும் நாற்பதில் ஒருத்தி. அவளுக்காக முதல் தடவை பதில் சொன்னவர் விழா நடத்திய பெரியவர்: “எல்லாம் சாப்பிட்டா.” அவர் பந்தி கவனித்துக்கொண்டிருந்தவர், குழந்தை என்ன சாப்பிட்டது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

அந்த வீட்டுத் தறியில் பாதி நெய்த புடவை துணி போட்டு மூடியிருந்தது. அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். அவர்தான் மருத்துவமனை வாசலில் சமையல்காரரின் சட்டையைப் பிடித்து அடித்தவர் என்று தெருவே சொல்லியிருந்தது.

அக்கா பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார். நான் பட்டியலைப் படித்தேன்.

“அவ இலையில உக்காரவே இல்ல” என்றார் அந்த அம்மா. “சாம்பாரு, ரசம் எதுவும் தொடல. காலையில இருந்து திரட்டுப்பால்தான். பாத்திரத்த வழிச்சி வழிச்சிக் குடுத்தேன். அவளுக்கு அதுன்னா உசுரு.”

“வேற எதாவது?”

“அந்த ஆளு ஒரு வடைய கையில குடுத்தான். ஓடியாடிக்கினு இருந்த புள்ளய கூப்ட்டுக் குடுத்தான். அதான். அந்த வடைதான். எழுதிக்கோங்க.”

நான் எழுதிக்கொண்டேன். திரட்டுப்பால், ஆம். தயிர் வடை, ஆம். மற்ற ஆறுக்கும் இல்லை. ஒரே குழந்தை, இரண்டு அட்டவணையிலும் ஒரே கட்டத்தில் உட்காரும்: சாப்பிட்டவள், நோயுற்றவள். அவளை மட்டும் வைத்து எதையும் பிரித்துச் சொல்ல முடியாது.

மொத்தம் தொண்ணூறு பேர் கிடைத்தார்கள். மேளக்காரர்களை இந்தத் தடவை சேர்க்கவில்லை. உடம்புக்கு ஒன்றும் ஆகாத நான்கு பேர் வெளியூர் திரும்பியிருந்தார்கள். நோயுற்றவர்கள் நாற்பது, மற்றவர்கள் ஐம்பது. அலுவலகத்துக்கு வந்ததும் கணினியைத் திறக்காமல் தாளில் போட்டேன். முக்கியமான கணக்கைக் கையால் போட்டால்தான் எனக்கு மனம் நிற்கும்.

தயிர் வடை முதலில். சாப்பிட்டவர்கள் அறுபத்து மூன்று. சம்பந்தமே இல்லையென்றால் அவர்களில் இருபத்தெட்டு பேர் நோயுற்றிருக்க வேண்டும். நோயுற்றவர்கள் இருபத்தொன்பது. ஒரே ஒருவர்தான் வித்தியாசம். சாப்பிடாத இருபத்தேழு பேரில் எதிர்பார்ப்பு பன்னிரண்டு, உண்மையில் பதினொன்று. கை-ஸ்கொயர் 0.21. வடை சாப்பிட்டவர்களும் சாப்பிடாதவர்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் படுத்திருக்கிறார்கள்.

கேசரி, கூட்டு, வறுவல், சாம்பார், ரசம், மோர். எதுவும் 3.84-இன் பக்கத்தில்கூட வரவில்லை.

திரட்டுப்பாலைக் கடைசியில் போட்டேன். சாப்பிட்டவர்கள் ஐம்பத்து நான்கு, சாப்பிடாதவர்கள் முப்பத்தாறு. சாப்பிட்டவர்களில் நோயுற்றிருக்க வேண்டியவர்கள் இருபத்து நான்கு. இருந்தவர்கள் முப்பத்தாறு. சாப்பிடாதவர்களில் எதிர்பார்ப்பு பதினாறு. இருந்தவர்கள் நான்கு. நோயுறாதவர்களின் இரண்டு கட்டங்களில் எதிர்பார்ப்பு முப்பதும் இருபதும். ஒவ்வொரு கட்டத்திலும் பன்னிரண்டு வித்தியாசம். பன்னிரண்டின் வர்க்கம் நூற்று நாற்பத்து நான்கு. அதை இருபத்து நான்கால், பதினாறால், முப்பதால், இருபதால் வகுத்து நான்கையும் கூட்டினேன்.

சரியாக 27 வந்தது.

எட்டு பண்டங்களைச் சோதிக்கும்போது ஏதோ ஒன்று தற்செயலாக 3.84-ஐத் தாண்டிவிடலாம். அதற்காகவே இப்படிப்பட்ட இடத்தில் எல்லைக் கோட்டை உயர்த்தி, ஏழரை வரைக்கும் வைத்துப் பார்ப்பதுண்டு. இருபத்தேழு எந்தக் கோட்டைப் போட்டாலும் அதற்கு வெகு மேலே. எந்த எதிர்பார்ப்பும் பதினாறுக்குக் கீழே இல்லை. இந்தச் சோதனையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் அகப்படவில்லை. குறை அகப்பட வேண்டும் என்று தேடினேன் என்பதும் உண்மை.

அதிகாரி தாளை வாங்கி ஒவ்வொரு வரியாகப் படித்தார்.

“அந்தப் பொண்ணு செஞ்சதா?”

“ஆமா சார்.”

“இது போதுமா?”

என்ன போதும், எதற்குப் போதாது என்று வரிசையாகச் சொன்னேன். திரட்டுப்பாலுக்கும் நோய்க்கும் சம்பந்தம் இருக்கிறது என்று சொல்லப் போதும். அது பாலில் வந்ததா, பாத்திரத்தில் வந்ததா, இரவு வைத்திருந்த இடத்தில் வந்ததா, பரிமாறிய கையில் வந்ததா என்று சொல்லப் போதாது. யார் செய்த பிழை என்று சொல்லவே சொல்லாது. தயிர் வடைக்கு எதிராக இந்தக் கணக்கில் எதுவும் இல்லை. ஆனால் வடை சுத்தமானது என்று நிரூபித்ததாகவும் ஆகாது.

“போலீஸ்காரனுக்கு இதெல்லாம் புரியுமா?” என்றவர், “நீயே எழுது, நான் கையெழுத்துப் போடுறேன்” என்றார்.

அறிக்கையில் செய்தவர் யார் என்று நான் எழுதவில்லை. 'விருந்தினர் வீட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட பால் இனிப்பு' என்று எழுதினேன். பிள்ளையார்பாளையத்தில் அதற்குமேல் எழுதத் தேவையில்லை.

சமையல்காரரை விட்டுவிட்டார்கள். சில நாள் கழித்து அவர் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார், நன்றி சொல்ல அல்ல.

“என் அண்டா ரெண்டு, கரண்டி எல்லாம் எடுத்தாந்தீங்களே, எங்கமா?”

அவை உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் இருக்கும் என்றேன். போகத் திரும்பியவர் நின்றார். “வடை நல்லா இருந்துச்சின்னு எழுதினீங்களா?”

“வடையால வந்ததுக்கு ஆதாரம் இல்லன்னு எழுதினோம்.”

“அது போதாதுமா. ஒரு கல்யாணத்துக்குக்கூட எவனும் கூப்பிடல. ஸ்ரீபெரும்புதூர்ல ஏதோ கம்பெனி கேன்டீன்ல வெங்காயம் உரிக்கிறதுக்கு பஸ்ல போய்க்கினு இருக்கேன். ஸ்டேஷன்ல ஒக்கார வெச்சப்ப பாத்தவன் நூறு பேரு. வெளிய விட்டப்ப பாத்தவ எம் பொண்டாட்டி ஒருத்திதான்.”

'ஆதாரம் இல்லை' என்பதை எப்படி வாசிக்க வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதை ஊர் எப்படி வாசிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஆய்வகத்திலிருந்து வந்த முடிவும் அவருக்கு உதவவில்லை. சாம்பாரிலும் மோரிலும் ஒன்றும் இல்லை என்று வந்தது. வடையைப் பற்றி அது என்ன சொல்லும்?

அதன் பிறகு சிறுமியின் அம்மா வந்தார்.

வருவார் என்று செவிலியர் அக்கா முன்பே சொல்லியிருந்தார். “வீடு வீடா போய்க்கினு இருக்குதுமா அந்தப் பொண்ணு. ஒரு தெரு விடல. எங்க போய் முடியுமோ.” எதற்காகப் போகிறார் என்று கேட்டதற்கு அக்கா உதட்டைப் பிதுக்கினார்.

அவர் தனியாக வந்திருந்தார். மெலிந்துபோயிருந்தார். கையில் ஒரு மனு. சமையல்காரர் மேல் மறுபடியும் விசாரணை வேண்டும் என்று யாரோ கம்ப்யூட்டர் சென்டரில் அடித்துக்கொடுத்தது. அதிகாரி இல்லாததால் என் மேசைக்கு எதிரில் உட்கார்ந்தார்.

“நீங்க எழுதினது தப்புமா” என்றார். குரலில் சண்டை இல்லை. “நான் எல்லார் வீட்டுக்கும் போனேன். ஒவ்வொருத்தரையும் நேராக் கேட்டேன். யாருமே என் திரட்டுப்பால சாப்பிடல.”

“யாருமேவா?”

“போன வீட்டுல ஒருத்தர்கூட. வாந்தி எடுத்தவங்கதான், ஆஸ்பத்திரில படுத்தவங்கதான். அவங்களே சொல்றாங்க. 'நீ செஞ்சத நான் வாயிலயே வெக்கலயேமா'ன்னு. எதிர் வீட்டு அத்தை சத்தியம் பண்ணாங்க. எல்லாருக்கும் உடம்புக்கு வந்துச்சி, யாரும் என்னுத சாப்பிடல. அப்போ உங்க கணக்கு தப்புதானே?”

எனக்கு எல்லா வீடுகளும் கண்ணில் வந்தன. மகளைப் பறிகொடுத்த ஒருத்தி வாசலில் வந்து நின்று, என் கையால் செய்ததை நீ சாப்பிட்டாயா என்று கேட்கிறாள். எவரால் ஆம் என்று சொல்ல முடியும்? அன்றைக்கு மண்டபத்தில் பெரியவருக்காக எல்லாவற்றையும் சாப்பிட்டவர்கள், இன்றைக்கு இவருக்காக ஒன்றையும் சாப்பிடாதவர்கள் ஆகியிருந்தார்கள். அதே மனிதர்கள், அதே நல்ல மனசு. அந்த மனசு சேர்ந்து, வெங்காயம் உரிக்கப் போகிறவரை மறுபடியும் காவல் நிலையத்துக்கு அனுப்பப் பார்த்தது.

அந்த மனுவை வாங்கி வைத்துக்கொண்டு 'பார்க்கிறோம்' என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். அலுவலகங்களில் அதற்குத் தனிக் கலையே உண்டு. ஆனால் மனு மேலே போனால் யாராவது அதை நம்பக்கூடும்.

வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்து நான்கு கட்டம் போட்டேன்.

“நீங்க சொல்றத அப்படியே போடுறேன்கா. இது சாப்பிட்டவங்க. இது சாப்பிடாதவங்க. நீங்க போன வீட்டுக்காரங்க எல்லாரும் இந்தப் பக்கம் வந்துட்டாங்க, சரியா? அப்போ சாப்பிட்டவங்க வரிசை காலியா இருக்கு. அது காலியா இருந்தா, சாப்பிடாதவங்கள யாரோட வெச்சுப் பாக்கறது? இத வெச்சு உங்க திரட்டுப்பாலாலன்னும் சொல்ல முடியாது, இல்லன்னும் சொல்ல முடியாது. கணக்கே போட முடியாது.”

“நீங்க போட்டீங்களே?”

“நாங்க கேட்டப்போ சாப்பிட்டவங்களும் இருந்தாங்க, சாப்பிடாதவங்களும் இருந்தாங்க. எந்தப் பண்டத்துக்காகக் கேக்கறோம்னு யாருக்கும் தெரியல. அதனால உள்ளதச் சொன்னாங்க.” கொஞ்சம் நிறுத்தி, “உங்ககிட்ட அப்படிச் சொல்ல மாட்டாங்கக்கா” என்றேன்.

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னது அவருக்குப் புரிந்துவிட்டது.

“அத்த பொய் சொல்லாது” என்றார்.

நான் பேனாவைத் தாளின் மேல் வைத்தேன்.

“ஒருத்தராவது சாப்பிடாம வாந்தி எடுத்தாங்களா? உங்க கணக்குலயே?”

“நாலு பேர்.” அதை மறைக்க எனக்கு உரிமை இல்லை. “ஆனா திரட்டுப்பாலுக்கு சம்பந்தமே இல்லன்னா அந்த இடத்துல பதினாறு பேர் இருக்கணும். நாலு பேர்தான் இருந்தாங்க.”

“அந்த நாலு பேருக்கு எதனால வந்துச்சி?”

“தெரியாதுக்கா. சாப்பிட்டத மறந்திருக்கலாம். வேற எதாலயாவது வந்திருக்கலாம்.”

“எம் பொண்ணுக்கும் வேற எதாலயாவது வந்திருக்கலாம் இல்ல?”

அந்தக் கேள்விக்கு உண்மையான பதில் ஒன்று உண்டு. இந்தச் சோதனை தொண்ணூறு பேரைப் பற்றிப் பேசும், ஒருவரைப் பற்றிப் பேசாது. அதைச் சொன்னேன். அவர் மகளுக்கு எதனால் வந்தது என்று எந்தத் தாளாலும் சொல்ல முடியாது என்றேன். அது ஆறுதலாக இருக்கும் என்று நினைத்தா சொன்னேன், தெரியவில்லை. உண்மை என்பதால்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவர் என் பேனாவை எடுத்தார். நான் போட்ட நான்கு கட்டத்தில், சாப்பிட்டவர்கள் என்று காலியாக விட்டிருந்த வரிசையில், நோயுற்றவர்கள் கட்டத்தில், ஒரு கோடு கிழித்தார். செங்குத்தாக, சின்னதாக.

“காலியில்லமா” என்றார். “எம் பொண்ணு சாப்பிட்டா. எல்லாரும் சாப்பிடலன்னு சொல்லிட்டாங்க. அவ ஒருத்திதான் சாப்பிட்டா.”

மனுவை அவர் எடுத்துக்கொள்ளவும் இல்லை, கொடுக்கவும் இல்லை. மேசையிலேயே விட்டுவிட்டு எழுந்து போனார். சாயங்காலம் அதிகாரி வந்ததும், மறுவிசாரணைக்குப் புதிய தரவு எதுவும் இல்லை என்று குறிப்பு எழுதி அதோடு இணைத்து அவர் முன் வைத்தேன். நான்கு கட்டத் தாளை இணைக்கவில்லை. அதில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தாள்.